வகுப்பறைக் கடையில் தசமம் தடுமாறினால்: பில்லைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை தசமத்தைப் பணத்தோடு சேர்த்து நடத்தும்போது, காலி சோப்பு டப்பா, பிஸ்கட் உறை, பென்சில், ரப்பர் எல்லாம் அடுக்கி ஒரு கடை போடுவது வழக்கம். விலைச்சீட்டு ஒட்டி, இரண்டு பேரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டால் வகுப்பு களைகட்டிவிடும். கடை நன்றாகத்தான் நடக்கும். பில்லை வாங்கிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

நல்ல வேளையாக, வருடா வருடம் வருவது அதே ஐந்தாறு தப்புகள்தான். பில்லில் எந்தத் தப்பு தெரிகிறதோ அதையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் சரியாகிற காரணம் முதலில் வரும், நாலைந்து பாடவேளைகளை விழுங்குகிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். விலைச்சீட்டு எழுதிய விதத்தில் உள்ள கோளாறுக்குப் பிள்ளைக்கு இடமதிப்பு தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவது சுலபம்.

## கடை திறக்கும் முன் இருக்க வேண்டியவை

கீழே வரும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கருவிதான் வேண்டும். பழைய அட்டைப் பெட்டியை வெட்டி மூன்று அறை உள்ள தட்டு ஒன்று குழுவுக்கு ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள். இடது அறை ரூபாய், நடு அறை பத்துப் பைசா, வலது அறை ஒரு பைசா. ரூபாய் அறைக்கும் பத்துப் பைசா அறைக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பாட்டில் மூடியை ஒட்டிவிடுங்கள். அதுதான் புள்ளி, அது நகராது.

அட்டையில் வெட்டிய காசுகள் மூன்று வகை போதும்: ஒரு ரூபாய், பத்துப் பைசா, ஒரு பைசா. குழுவுக்கு ஒவ்வொன்றிலும் முப்பது இருந்தால் தாராளம். கூடவே இரண்டு பத்து ரூபாய்த் தாள். ஐம்பது பைசா, இருபத்தைந்து பைசா அட்டைகளை முதல் வாரம் வெளியே எடுக்காதீர்கள். பத்துக்கு ஒன்று என்று மாற்றிப் பழகுகிற வரை அவை குறுக்கே நிற்கும்.

நிஜக் காசு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. ஐம்பது பைசா சட்டப்படி செல்லும், கடைக்காரர்தான் வாங்க மாட்டார். ஆக, இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பத்துப் பைசாவைக் கையால் தொட்டதே இல்லை. "உங்களுக்குத்தான் காசு தெரியுமே" என்று நாம் தொடங்கும் இடத்திலேயே பாதிப் பிரச்சினை இருக்கிறது.

## அறிகுறி: 12.5 என்பதைப் "பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா" என்று படிக்கிறார்கள்

இது எல்லா வகுப்பிலும் வரும். இதற்கு ஜோடியாக இன்னொன்றும் வரும்: மூன்று ரூபாய் ஐந்து பைசாவை 3.5 என்று எழுதுவார்கள்.

முதலில் உங்கள் விலைச்சீட்டுகளைப் பாருங்கள். எல்லாச் சீட்டிலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால், 12.5 என்ற வடிவத்தைப் பிள்ளை பார்த்ததே இல்லை. போன் கால்குலேட்டரில் 6.25-ஐ இரண்டு முறை கூட்டச் சொல்லுங்கள், திரையில் 12.5 என்று வரும். அதே தொகையைக் காசாக எண்ணிப் பார்க்கச் சொன்னால் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா வரும். பல பேருக்கு இதுவே போதும், "ஓ, கடைசி சுழியத்தை அது எழுதவில்லை" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, நாம் வாயால் சொல்லும் விதம். 3.50-ஐ "மூன்று புள்ளி ஐம்பது" என்று படித்துக் காட்டினால், புள்ளிக்குப் பின்னால் ஒரு முழு எண் உட்கார்ந்திருப்பதாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 3.5-இல் இருப்பது வெறும் ஐந்துதானே? எனவே வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். "புள்ளி" என்ற சொல் வந்தால் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: மூன்று புள்ளி ஐந்து சுழியம். "ரூபாய்" என்ற சொல் வந்தால் தொகையாகச் சொல்லலாம்: மூன்று ரூபாய் ஐம்பது பைசா. இரண்டையும் கலக்கக் கூடாது. நாமே பத்து முறை கலப்போம், பிள்ளைகளைத் திருத்தச் சொல்லிவிட்டால் சந்தோஷமாகத் திருத்துவார்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் தட்டை எடுங்கள். 3.5, 3.50, 3.05 என்று மூன்று சீட்டு எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் காசு வைக்கச் சொல்லுங்கள். இங்கே பாதை பிரிகிறது.

தட்டில் சரியாக வைத்துவிட்டு, படிக்கும்போது மட்டும் தப்பினால்: பிரச்சினை வாயில்தான் இருக்கிறது. மேலே சொன்ன கட்டுப்பாட்டை விடாமல் பிடித்தால் போதும்.

3.5-க்கும் 3.05-க்கும் ஒரே மாதிரி ஐந்து ஒரு பைசா வைத்தால்: பத்துப் பைசா அறை எதற்கு என்றே தெரியவில்லை. பிள்ளையின் மனதில் ரூபாய் ஒரு பெட்டி, பைசா ஒரு பெட்டி. நடுவில் பத்தில் ஒரு பங்கு என்று ஒன்று இல்லை. இதற்குக் குறுக்குவழி கிடையாது. இரண்டு மூன்று பாடவேளை, வெறும் மாற்று விளையாட்டு மட்டும் நடத்துங்கள்: பத்து ஒரு பைசா சேர்ந்தால் கொடுத்துவிட்டு ஒரு பத்துப் பைசா வாங்கு, பத்து பத்துப் பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய் வாங்கு. எந்த அறையிலும் ஒன்பதுக்கு மேல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றலுக்குப் பின்னும் தட்டில் உள்ளதை எண்ணாக எழுத வேண்டும். காலியாக உள்ள அறைக்குச் சுழியம் போட வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குப் பழகும்.

பணத்தை வைத்துத் தசமம் நடத்துவதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். ரூபாயும் பைசாவுமாகப் பேசும்போது பத்தில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்கிறது. கடை எவ்வளவு நன்றாக ஓடினாலும் நடு அறை இல்லாமல் தசமம் வராது.

## அறிகுறி: 4.75 + 3.50 = 7.125

கூட்டல் தெரியாமல் வருவதில்லை இது. நாலும் மூன்றும் ஏழு, எழுபத்தைந்தும் ஐம்பதும் நூற்றிருபத்தைந்து. இரண்டுமே சரி. புள்ளியைச் சுவர் மாதிரி நடுவில் நிறுத்திவிட்டதால் நூறு பைசா ரூபாய்ப் பக்கம் தாண்டி வரவில்லை.

எளிய சோதனை: "நூற்றிருபத்தைந்து பைசா கையில் இருந்தால் கடைக்காரரிடம் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். "ஒன்றே கால் ரூபாய்" என்றோ "ஒரு ரூபாய் இருபத்தைந்து பைசா" என்றோ பதில் வந்தால் பிள்ளைக்கு விஷயம் தெரியும், எழுத்தில் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். பில்லில் பைசாப் பக்கம் இரண்டு கட்டம் மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். மூன்றாவது இலக்கத்துக்கு இடமே இல்லாதபோது கை தானாக நின்று யோசிக்கும்.

பதில் வரவில்லை என்றால் மறுபடியும் தட்டுதான். ஏழு ரூபாய், பன்னிரண்டு பத்துப் பைசா, ஐந்து ஒரு பைசா வந்து நிற்கும். நடு அறையில் ஒன்பதுக்கு மேல் நிற்கக் கூடாதே? பத்தை எடுத்து ஒரு ரூபாயாக மாற்றினால் எட்டு ரூபாய், இரண்டு பத்துப் பைசா, ஐந்து ஒரு பைசா. 8.25 என்று எழுதச் சொல்லிவிட்டு, 7.125 எங்கே தட்டில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நான்காவது அறை இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

## அறிகுறி: பென்சில் 6.50, ரப்பர் 3.25, ஸ்கேல் 4, மொத்தம் 9.79

நாலு ரூபாய் ஸ்கேலை நாலு பைசாவுக்கு விற்றிருக்கிறார்கள். முழு எண் கூட்டலில் வலது ஓரத்தை நேராக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், பிள்ளை அதை அப்படியே கடைப்பிடிக்கிறது.

இதில் முதல் சந்தேகம் விலைச்சீட்டு மேல்தான். சில சீட்டில் "4", சில சீட்டில் "4/-", சில சீட்டில் "4.00" என்று இருந்தால் முதல் நாளுக்கு அதை ஒரே மாதிரி ஆக்குங்கள். "ரூ.6.50" என்று எழுதுவதையும் நிறுத்திவிடுங்கள். அதில் இரண்டு புள்ளி இருக்கிறது, எது தசமப் புள்ளி என்று குழம்பிப்போகிற பிள்ளைகள் உண்டு. 2010-இல் வந்த ₹ குறிக்குப் பின்னால் புள்ளி தேவையில்லை, ₹6.50 என்று எழுதினால் தொல்லை ஒழிந்தது. புள்ளியைப் பேனா முனையால் தொட்டு வைக்காமல், பயறு அளவுக்கு வரியின் அடியில் அழுத்தி வையுங்கள்.

இரண்டாவது, நோட்டு. கோடு போட்ட நோட்டில் எழுதினால் இலக்கங்கள் நகரும். கட்டம் போட்ட நோட்டில், புள்ளிக்கென்று ஒரு கட்டத்தை மேலிருந்து கீழ் வரை சிவப்பில் கோடு இழுத்துக்கொண்டு அதன் பிறகு எண்களை எழுதச் சொல்லுங்கள். அநேகமாக இங்கேயே முடிந்துவிடும்.

சீட்டைச் சீராக்கி, நோட்டை மாற்றி, எல்லாம் சரியாக வந்த பிறகு வேண்டுமென்றே ஒரு "4" சீட்டைத் திருப்பி வையுங்கள். அப்போதும் 4-ஐ ரூபாய் இடத்தில் எழுதினால் பிழை நீங்கியது. மறுபடி வலது ஓரத்துக்குப் போனால் சிவப்புக் கோடுதான் வேலை செய்தது, பிள்ளைக்குப் புரியவில்லை. அதற்கு மருந்து கூட்டுவதற்கு முன் தோராயம் கேட்பது: "ஆறரை, மூன்றே சொச்சம், நாலு. பத்து ரூபாய் போதுமா?" போதாது என்று சொன்ன வாயால் 9.79 என்று எழுதக் கை கூசும்.

## அறிகுறி: மீதிச் சில்லறை தப்பாக வருகிறது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் எந்தத் தப்பு விடை வந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். மேலே உள்ள பில்லையே எடுத்துக்கொள்வோம். சரியான மொத்தம் ₹13.75. வாங்குபவர் இருபது ரூபாய் கொடுத்தார். மீதி ₹6.25 வர வேண்டும். கல்லாவிலிருந்து பெரும்பாலும் இந்த மூன்று தப்பில் ஒன்று வரும்.

மீதி 7.25 என்று வந்தால். இருபதில் பதின்மூன்று போக ஏழு ரூபாய், நூறு பைசாவில் எழுபத்தைந்து போக இருபத்தைந்து பைசா. அந்த நூறு பைசா எங்கிருந்து வந்தது என்பதை மறந்தாயிற்று. இது லேசான கோளாறு. கல்லாவில் இருக்கும் பிள்ளையிடம் இருபது ஒரு ரூபாய் அட்டையைக் கொடுத்து, எழுபத்தைந்து பைசாவை முதலில் தரச் சொல்லுங்கள். சில்லறைக்காக ஒரு ரூபாயை உடைத்தே ஆக வேண்டும், உடைத்ததும் கையில் பத்தொன்பதுதான் இருக்கும். ஒரு தடவை உடைத்தால் போதும், இந்தத் தப்பு அநேகமாகத் திரும்பாது.

மீதி 7.75 என்று வந்தால். ரூபாயைக் கழித்துவிட்டு, பைசாவை அப்படியே கீழே இறக்கிவிட்டார்கள். இருபது என்று மட்டும் எழுதி, மேலே பைசா இடம் வெறுமையாக இருந்ததால் கழிக்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். 20.00 என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். விடை 6.25-ஆக மாறினால் விஷயம் முடிந்தது. 13.75-ஆக மாறினால் அடுத்த பத்திக்குப் போங்கள்.

மீதி 13.75 என்று வந்தால். வாங்கிய விலையையே மீதியாகத் திருப்பித் தருகிறார்கள்! எழுதும்போது பிழையாக நகல் எடுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள்: சுழியத்துக்கும் ஐந்துக்கும் ஐந்து, சுழியத்துக்கும் ஏழுக்கும் ஏழு, சுழியத்துக்கும் மூன்றுக்கும் மூன்று, இரண்டில் ஒன்று போக ஒன்று. உறுதிசெய்துகொள்ள 2000-இலிருந்து 1375-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் 1375 வந்தால் தசமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடன் வாங்கிக் கழித்தல் நிற்கவில்லை. கடையை ஓரமாக வைத்துவிட்டு முழு எண் கழித்தலுக்குத் திரும்புங்கள், அதற்குச் சில வாரம்கூட ஆகலாம். 2000 சரியாக வந்து 20.00 மட்டும் தப்பினால், தட்டில் இரண்டு பத்து ரூபாய்த் தாளை வைத்து ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியதுதான். ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒரு ரூபாய், அதில் ஒன்றை உடைத்தால் பத்து பத்துப் பைசா, அதில் ஒன்றை உடைத்தால் பத்து ஒரு பைசா. இப்போது தட்டில் இருப்பது பத்தொன்பது ரூபாய், ஒன்பது பத்துப் பைசா, பத்து ஒரு பைசா. இதிலிருந்து 13.75-ஐ எடுத்தால் 6.25 கண்ணெதிரே நிற்கும்.

எந்தக் காரணமானாலும், சரிபார்க்க மளிகைக் கடைக்காரர் செய்வதைச் செய்யச் சொல்லுங்கள். பதின்மூன்று எழுபத்தைந்து, இருபத்தைந்து பைசா வைத்தால் பதினாலு, ஆறு ரூபாய் வைத்தால் இருபது. கழித்தலே இல்லை, விலையிலிருந்து மேலே ஏறுகிறோம். எழுத்துக் கழித்தலைவிட இதுதான் வாழ்க்கைக்கு உதவும் என்பது என் கட்சி. பரீட்சையில் எழுத்து முறை கேட்பார்கள் என்பதால் இரண்டும் வேண்டியிருக்கிறது.

## அறிகுறி: சீட்டில் "₹0.50 பைசா" என்று எழுதுகிறார்கள்

அரைப் பைசா என்று அர்த்தம். ஊர் முழுக்கக் கடைப் பலகைகளில் இப்படித்தான் இருக்கிறது, பிள்ளை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டது. ₹ போட்டால் பைசா என்று எழுதாதே, பைசா என்று எழுதினால் புள்ளி போடாதே. அரைப் பைசா அட்டை ஒன்றை வெட்டிக் காட்டினால் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள்.

## அறிகுறி: 2.75, 2.8 இரண்டில் எது விலை அதிகம் என்றால் தவறுகிறார்கள்

கடையில் இது தெரியவே தெரியாது. எல்லா விலைக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்பதால் 2.75, 2.80 என்று பார்த்து எழுபத்தைந்தைவிட எண்பது பெரிது என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குத் தசமம் வந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். கடைசி சுழியத்தை அழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஜோடியை மட்டும் கேட்காதீர்கள். 2.75-ஐயும் 2.8-ஐயும் ஒரு ஜோடியாகவும், 3.65-ஐயும் 3.4-ஐயும் இன்னொரு ஜோடியாகவும் கொடுங்கள். முதல் ஜோடியில் 2.75 பெரிது என்று சொல்பவர் நீளமான எண்ணைப் பெரிது என்கிறார், இரண்டாவது ஜோடி அவருக்குத் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். இரண்டாவதில் 3.4 பெரிது என்பவர் அதற்கு நேர்மாறு: நூறில் பங்கு என்றால் சின்னது, ஆகவே இலக்கம் கூடினால் மதிப்பு குறையும் என்று பின்னத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார். முதலாமவருக்குத் தட்டு போதும், 2.8-க்கு நடு அறையில் எட்டு, 2.75-க்கு ஏழுதான். இரண்டாமவருக்கும் தட்டுதான், ஆனால் 3.65-இன் ஒரு பைசாக்களை வைக்கும் முன் நிறுத்தி, நடு அறையில் எது அதிகம் என்று கேட்க வேண்டும்.

எடைக்குப் போனால் கடை கைவிட்டுவிடும். 0.250 கிலோ சர்க்கரையில் மூன்றாவது இலக்கம் வருகிறது, அதற்குப் பைசாவில் இடமில்லை. 0.250-ஐயும் 0.5-ஐயும் வைத்து எது அதிகம் என்று கேட்டால், தட்டில் தேறிய பிள்ளைகளிலும் சிலர் 250 என்பார்கள். அங்கே தராசையும் எடைக்கல்லையும் எடுங்கள், காசை அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

## அறிகுறி: கடையில் வாயால் சரி, நோட்டில் தப்பு

பெற்றோருக்குப் பெட்டிக்கடையோ காய்கறிக் கடையோ இருந்தால் இது அதிகம். கடைக்கு வந்தால் மூச்சு விடாமல் கணக்குச் சொல்வார்கள், நோட்டைத் திறந்தால் எதுவும் வராது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறுவர்களிடம் நடத்தி 1985-இல் வெளியான ஆய்வில் அச்சாக இதே நிலைதான் தெரிந்தது, ஆகவே நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம்.

முதலில் எழுதும் வேகத்தைப் பாருங்கள். கையெழுத்து மெதுவாக இருந்து, மனம் முன்னே ஓடிவிட்டால் பில்லில் பாதிதான் விழும். ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதட்டும். அதுவும் காரணமில்லை என்றால், பிள்ளை வாயால் சொன்ன படிகளை அப்படியே நோட்டில் எழுத வையுங்கள்: 13.75 + 0.25 = 14, 14 + 6 = 20. கட்டாயமாகக் கழித்தலாக மாற்ற வேண்டாம். சில நாள் கழித்து அதன் பக்கத்தில் கழித்தலை எழுதி, இரண்டும் ஒரே விடை தருவதைப் பார்க்கட்டும்.

## எதுவும் அசையவில்லை என்றால்

விலைச்சீட்டைக் கையில் கொடுத்தால் சரியாகப் படித்து, கரும்பலகையில் உள்ளதை மட்டும் புள்ளி இல்லாமல் நகல் எடுக்கும் பிள்ளையிடம் கணக்கைத் தேடாதீர்கள், கண்ணைப் பாருங்கள். முன் வரிசைக்கு மாற்றினால் தப்பு குறைகிறதா என்று ஒரு நாள் கவனித்துவிட்டு, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ காட்டச் சொல்லுங்கள்.

மாற்று விளையாட்டை இரண்டு வாரம் ஆடிய பிறகும் பத்து ஒரு பைசாவும் ஒரு பத்துப் பைசாவும் சமம் என்பது நிற்கவில்லை, முழு எண்ணிலும் 47-க்கும் 74-க்கும் எது பெரிது என்பதில் தயக்கம், ஒரு கைப்பிடி காசை எண்ணும்போதே விட்டுப்போகிறது என்றால் அது வகுப்பாசிரியர் தனியாகச் சுமக்க வேண்டிய வேலை அல்ல. தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். "கணக்கு வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் பிடி கிடைக்காது. அந்தப் பிள்ளை எழுதிய பில்களைத் திருத்தாமல், தேதி போட்டு, எந்தச் சோதனையில் என்ன செய்தது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி எடுத்து வையுங்கள்.